மூணாவது டேட்டு மலம்புழா, இதுவரைக்கும் பில்லு முழுக்க அவரே குடுத்தாச்சு, இப்ப நான் எப்படி பேசறது?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. ஊரு கொழிஞ்சாம்பாறை, வேலை கோயம்புத்தூர் சரவணம்பட்டில, வயசு 27. ஆப் மூலமா ஒருத்தரோட பேச ஆரம்பிச்சேன், அவரு பாலக்காடு டவுனு, வீட்டுல தமிழ்தான் ஆனா பாதி மலையாளம் வரும், நல்லா பேசறாரு, சிரிக்க வெக்கறாரு, எனக்கும் புடிச்சிருக்கு, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா விட்டுட்டு போன்னு சொல்றதுக்கு இங்க நெறைய பேரு வருவீங்கன்னு தெரியும்.

மொத தடவ அவரே பைக்ல கோயம்புத்தூர் வந்தாரு, ரேஸ் கோர்ஸ்ல ஒரு காஃபி ஷாப்பு. எடம் அவரு சொன்னதுதான். பில்லு 1,460. நான் போன எடுத்தேன், "சே சே, அதெல்லாம் வேண்டா"ன்னு டக்குனு ஸ்கேன் பண்ணிட்டாரு. சரின்னு விட்டேன். ரெண்டாவது தடவ நான் பாலக்காடு போனேன், முந்தின நாளே "இந்த தடவ நான்தான்"னு மெசேஜ்ல சொல்லியிருந்தேன். சாப்டு முடிச்சு பில்லு ஃபோல்டர கொண்டுவந்து நேரா அவரு முன்னாடி வெச்சாங்க, நான் கைய நீட்டறதுக்குள்ள கார்ட உள்ள சொருகிட்டாரு. 1,239. "அடுத்த தடவ பாத்துக்கலாம்"னாரு.

இப்ப சனிக்கெழம மலம்புழா போலாம்னு ப்ளான். நேத்து நைட்டு நான் "சாயங்காலம் 4 மணிக்கு கெளம்பிடுவேன்"னு சொன்னேன், அதுக்கு அவரு அனுப்பினது: "ரெண்டு தடவையும் நான் பாத்துகிட்டேன்ல, இந்த தடவ நாள் பூரா எனக்கு வேணும்." கடைசில சிரிக்கற ஸ்மைலி.

வெளையாட்டாத்தான் சொல்லியிருப்பாருன்னு ஒரு மனசு சொல்லுது. ஆனா அந்த "பாத்துகிட்டேன்ல" எனக்கு எங்கயோ குத்துது. இதுவரைக்கும் ஆனதுல பாதிய திருப்பி அனுப்பிடலாமா? இல்ல இனிமே பாதி பாதின்னு சொல்லலாமா? சொன்னா மூஞ்சி கோணிடுவாரா? அவரு பீலிங்ஸ ஹர்ட் பண்ணாம எப்படி சொல்றது?

சும்மா_வந்தேன்:
ரெண்டு தடவ ஓசில சாப்டுட்டு அதையும் ஒரு ப்ராப்ளமா போஸ்ட் போடறீங்களே சிஸ்டர், எனக்கெல்லாம் யாரும் ஒரு டீ கூட வாங்கித்தர்றதில்ல

உக்கடம்_பஸ்:
இதுல கொழப்பமே இல்லைங்க. யாரு கூப்டாங்களோ அவங்க குடுக்கணும். நீங்க கூப்டா நீங்க, அவரு கூப்டா அவரு. நம்ம வீட்டுக்கு விருந்துக்கு கூப்டு சாப்பாட்டுக்கு காசு கேப்போமா? அதே லாஜிக்தான். மலம்புழா யாரு ஐடியா? அவரோடதுன்னா அவரே பாக்கட்டும், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.

செங்கோட்டை_அல்ல_செம்மணாம்பதி:
@உக்கடம்_பஸ் கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு ப்ரோ. ஆனா நம்ம ஊருல 10 டேட்டுல 9 பசங்கதான் கூப்பிடறாங்க. பொண்ணு மொதல்ல கூப்டா அதுக்கு வேற பேரு வெப்பாங்கன்னு பொண்ணுங்க வாய தொறக்கறதில்ல. அப்ப "கூப்டவங்க குடுக்கணும்"ங்கறது சுத்தி வளச்சு "பையன்தான் குடுக்கணும்"னு ஆயிடுதா இல்லையா? அதுவுமில்லாம எடத்த சொல்றது யாருங்கறது முக்கியம். கூப்டது ஒருத்தரு, "அந்த எடத்துக்கு போலாம்"னு காஸ்ட்லி எடத்த சொன்னது இன்னொருத்தருன்னா பில்லு யாருக்கு?

உக்கடம்_பஸ்:
அது ஒத்துக்கறேன். மொத தடவைக்கு மட்டும்தான் அந்த ரூல் சரியா வரும்னு வெச்சுக்கலாம்.

வேலந்தாவளம்_மாமா:
அம்மா கொழிஞ்சாம்பாறை, நம்ம பக்கத்து ஊருதான். பில்லு யாரு குடுக்கறதுன்னு கேட்டா பொண்ணு பாக்க போறப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பூ, பழம், ஸ்வீட்டு வாங்கிட்டு போகணும், டிபன் காபி பொண்ணு வீட்டு செலவு, நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்காரங்க பாதியாவது ஏத்துக்கணும். எங்க பெரிய பொண்ணுக்கு நிச்சயத்துல சாப்பாட்டு ஆளுங்க கணக்குல தகராறு வந்து சம்பந்திக்கு இன்னும் முழு மனசு இல்ல. அதனால மொதல்லயே பெரியவங்கள வெச்சு பேசிடு. ஜாதகம் பாத்தாச்சா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மாமா, இன்னும் அந்த அளவுக்கெல்லாம் போகலைங்க :) ரெண்டு தடவ சாப்டுருக்கோம், அவ்வளவுதான்.

கேப்டன்_கோவிந்தாபுரம்:
நான் பாலக்காட்டுல ஒரு ரெஸ்டாரண்ட்ல கேப்டனா இருக்கேன், அதுக்கு முன்னாடி அங்கயே கேஷ் கவுண்டரு. சனி ஞாயிறு வந்தா உங்கள மாதிரி ஜோடிங்க எத்தனையோ பேரு, கோயம்புத்தூர்ல தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு வாளையாறு தாண்டி எங்ககிட்ட வருவாங்க, இங்க இருக்கறவங்க அதே காரணத்துக்கு அங்க போவாங்க. டேபிள்கிட்ட நின்னு பாத்ததுல சொல்றேன்.

சங்கடம் எப்ப வருதுன்னா, பில்லு வந்ததுக்கப்புறம் பேச ஆரம்பிக்கறதுனாலதான். ஃபோல்டரு டேபிள்ல விழுந்த உடனே அது ஒரு போட்டி ஆயிடுது. யாரு கை முந்துதோ அவங்க. பக்கத்து டேபிள்காரங்க பாக்கறாங்க, வெய்ட்டரு நிக்கறான், அந்த நேரத்துல ஒரு பொண்ணு "இல்ல நான் பாதி தர்றேன்"னு சொன்னா பையனுக்கு தன்ன மட்டம் தட்டின மாதிரி இருக்கு, ஆம்பளைன்னா குடுக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவன்தானே. எங்க பசங்க மேலயும் தப்பு இருக்கு, பழக்க தோஷத்துல ஃபோல்டர ஆம்பள முன்னாடிதான் வெப்பானுங்க. நான் நடுவுல வெக்கச் சொல்லியிருக்கேன், ஆனாலும் மறந்துடுவானுங்க. உங்க ரெண்டாவது டேட்டுல நடந்ததும் அதுதான். மெசேஜ்ல சொன்னது பத்தாது, அந்த எடத்துல, அந்த நேரத்துல அது எடுபடல.

அதனால ஆர்டர் எடுக்க வர்றப்பவே "சேட்டா, ரெண்டு பில்லு"ன்னு சொல்லுங்க. சாதாரணமா, மெனு கார்ட பாத்துட்டே. அவ்வளவுதான். அந்த நேரத்துல அது ஒரு விஷயமாவே தெரியாது, உப்பு கம்மியா போடுங்கன்னு சொல்ற மாதிரி போயிடும். எங்களுக்கும் அதுதான் ஈசி. ஆர்டர் அடிக்கறப்பவே யாரு எதுன்னு பிரிச்சுக்குவோம். பில்லு அடிச்சதுக்கு அப்புறம் பிரிக்கச் சொன்னா அந்த பில்ல கேன்சல் பண்ணணும், அதுக்கு மேனேஜரு வந்து பாஸ்வேர்டு போடணும், அவரு எங்கயாவது கிச்சன்ல நிப்பாரு, அது வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

முழுசா நீங்களே குடுக்கணும்னா இன்னும் ஈசி. கை கழுவ எந்திரிக்கறப்ப கவுண்டருக்கு போயி "அந்த டேபிள் பில்லு நான் குடுத்துடறேன், ஃபோல்டர் கொண்டு போகாதீங்க"ன்னு சொல்லிடுங்க. தெனமும் நடக்கறதுதான். ஆனா ஒண்ணு, அவரு ஒத்துக்கிட்டிருந்தா மட்டும் பண்ணுங்க. சொல்லாம பண்ணா சில பேருக்கு அதுவும் ஈகோவ தொடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
அண்ணா, இவ்வளவு டீடெய்லா சொன்னதுக்கு ரொம்ப நன்றி. ஃபோல்டரு மேட்டரு நூத்துக்கு நூறு கரெக்டு. ஒரு சந்தேகம், ரெண்டு பில்லுன்னா சரிபாதியா, இல்ல அவங்கவங்க சாப்டதுக்கா? நான் வெஜ்ஜு. அன்னிக்கு நான் சாப்டது சப்பாத்தி, பனீரு, லைம் ஜூசு. அவரு பரோட்டா, பீஃப் ரோஸ்ட்டு, கரிமீன் பொள்ளிச்சது.

கேப்டன்_கோவிந்தாபுரம்:
கணக்கு போட்டே பாத்துடலாம். 1,239-ல 5 பர்சன்ட் ஜிஎஸ்டி கழிச்சா சாப்பாடு 1,180. உங்களோடது என்ன வந்துச்சு?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
380ன்னு ஞாபகம். மிச்சமெல்லாம் அவரோடதுதான்.

கேப்டன்_கோவிந்தாபுரம்:
அப்ப உங்களுக்கு 380ம் அதுக்கு வரி 19ம் சேத்து 399. அவருக்கு 800ம் 40ம் சேத்து 840. சரிபாதின்னா ஆளுக்கு 619 ரூபா 50 காசு. அதாவது பாதி பாதின்னு போனா அவரு மீனுக்கு நீங்க 220 ரூபா குடுக்கறீங்க. ஒரு தடவைக்கு பரவால்ல. தடவ தடவைக்கு இப்படியே போனா வெஜ் சாப்பிடறவங்க, இல்ல கம்மியா சாப்பிடறவங்க மனசுக்குள்ள முணுமுணுக்க ஆரம்பிப்பாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. நான் பாத்த வரைக்கும் ரெண்டு பேரோட ஆர்டரும் கிட்டத்தட்ட சமமா இருந்தா பாதி போட்டுட்டு போயிடலாம். இந்த மாதிரி ஒண்ணுக்கு ரெண்டு மடங்கு இருந்தா அவங்கவங்க பில்லுதான் நிம்மதி. நடுவுல வெச்சு ரெண்டு பேரும் எடுத்து சாப்டத மட்டும் பாதியாக்கிக்கங்க, அதுக்கு மேல பிரிச்சுட்டு உக்காந்தா வந்த வேலையே மறந்துடும்.

டைடல்பார்க்_தம்பி:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? அவரே கட்டட்டும், வீட்டுக்கு வந்து அவரு ஜிபேல ரிக்வெஸ்ட் போட்டா முடிஞ்சுது. ஸ்ப்ளிட் ஆப்ஷனே இருக்கே. மூஞ்சிக்கு நேரா பேசவே வேண்டாம்.

செங்கோட்டை_அல்ல_செம்மணாம்பதி:
தம்பி பழைய காலத்துல இருக்கீங்க. ஒரு ஆளு இன்னொரு ஆளுக்கிட்ட பணம் கேட்டு யூபிஐல ரிக்வெஸ்ட் அனுப்பறத 2025 அக்டோபர் 1லேர்ந்து என்பிசிஐ நிறுத்திட்டாங்க, அத வெச்சு ஏமாத்தறது ஜாஸ்தியானதுனால. கடைக்காரங்க அனுப்பறது மட்டும்தான் இருக்கு. பங்கு கணக்கு போட்டு யாரு எவ்வளவுன்னு பாத்துக்கலாம், ஆனா பணத்த அவங்களேதான் அனுப்பணும். அதுவும் போக டேட் முடிஞ்சு வீட்டுக்கு போனவுடனே "399 அனுப்பு"ன்னு மெசேஜ் வந்தா அந்த சாயங்காலமே கெட்டுப்போகும்.

டைடல்பார்க்_தம்பி:
ஓ அது தெரியாம போச்சு. சரி அவங்களே அனுப்பிடலாமே, பிரச்சனை இல்லையே.

பொள்ளாச்சி_மீனாட்சி:
பிரச்சனை இருக்குங்க தம்பி, பொண்ணுங்களுக்கு இருக்கு. ஆப்ல பேரு ஒண்ணு வெச்சிருப்போம், நம்பர் குடுக்காம ஆப்புக்குள்ளயே பேசிட்டிருப்போம். யூபிஐல 1 ரூபா அனுப்பினாலும் பேங்க்ல இருக்கற முழுப்பேரு அவங்களுக்கு தெரிஞ்சிடும், அப்பா பேரோ இனிஷியலோ ஒட்டிட்டு. நெறைய பேரோட யூபிஐ ஐடில மொபைல் நம்பரே இருக்கும். மொத மீட்டிங்லயே அத குடுக்க இஷ்டமில்லன்னா ஒருத்தருக்கொருத்தரு அனுப்பாம ரெண்டு பேரும் நேரா ஹோட்டலுக்கே குடுக்கறதுதான் ஒரே வழி, இல்லன்னா காசு. நான் மொத தடவைக்கு எப்பவும் 500 ரூபா நோட்டும் சில்லறையும் எடுத்துட்டுதான் போவேன்.

இப்ப கொழிஞ்சாம்பாறை தங்கச்சி கேட்டதுக்கு வர்றேன். எனக்கும் ஒருத்தரு இருந்தாரு, ரொம்ப தாராளம், ஒரு ரூபா எடுக்க விடமாட்டாரு, நானும் நல்ல மனுசன்னு நெனச்சேன். சரிப்பட்டு வரலன்னு நான் சொன்னதுக்கு அப்புறம் ஒரு எக்செல் ஷீட்டு வந்துச்சு. தேதி, எடம், தொகை, கடைசில டோட்டல். பெட்ரோல் தனி காலம். அன்னிக்கே புரிஞ்சுது, அவரு குடுத்தது எதுவும் ட்ரீட் இல்ல, மொய் எழுதி வெச்சிருக்காருன்னு. கல்யாண வீட்டுல மொய் வெச்சா அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம திருப்பி வெக்கணும்னு ரெண்டு பக்கமும் தெரியும். இங்க எழுதற நோட்டு அவங்ககிட்ட மட்டும் இருக்கும், எத திருப்பணும்னு நமக்கு தெரியாது.

உங்க ஆளு "பாத்துகிட்டேன்ல, நாள் பூரா வேணும்"னு சொன்னது எனக்கு அந்த நோட்டோட மொத பக்கம் மாதிரிதான் தெரியுது. கோவிச்சுக்காதீங்க.

உக்கடம்_பஸ்:
அக்கா ஒரு ஸ்மைலி போட்ட மெசேஜுக்கு இவ்வளவு தூரம் போறீங்களே. "உன்கூட நெறைய நேரம் இருக்கணும்"ங்கறத கொஞ்சம் கோணலா சொல்லியிருக்கான், அவ்வளவுதான். பசங்களுக்கு ஆசைய நேரா சொல்ல வராது. நானே இப்படி எதையாவது ஒளறியிருக்கேன்.

பொள்ளாச்சி_மீனாட்சி:
இருக்கலாம். ஆனா நேரத்தையும் காசையும் ஒரே வாக்கியத்துல சேத்தது அவருதான், நான் இல்ல.

மீனாக்ஷிபுரம்_மணி:
பையனோட சைடுலேர்ந்து ஒரு வார்த்த. நாங்க குடுத்தா "காசு குடுத்து வாங்கப் பாக்கறான்"ங்கறீங்க, குடுக்கலன்னா "கஞ்சன்"ங்கறீங்க. போன மாசம் ஒரு பொண்ணு "ஸ்ப்ளிட் பண்ணலாமா"ன்னு கேட்டா, நானும் நம்பி சரின்னேன், அப்புறம் அவ ஃப்ரெண்டு மூலமா தெரிஞ்சுது, நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு எதிர்பாத்தாளாம். அப்ப எதுக்கு கேட்டா? கேக்கறது நெஜமா சம்பிரதாயமான்னு எங்களுக்கு எப்படி தெரியும்?

செங்கோட்டை_அல்ல_செம்மணாம்பதி:
மணி சொல்றதுல உண்ம இருக்கு. 2015-ல அமெரிக்காவுல 17,000 பேருக்கு மேல கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. நானும் பங்கு தர்றேன்னு சொல்றதா 57 சதவீத பொண்ணுங்க சொன்னாங்க, ஆனா 39 சதவீத பொண்ணுங்க அத அவன் மறுக்கணும்னு மனசுக்குள்ள நெனக்கறதாவும் சொன்னாங்க. அதே ஆய்வுல, பையன் தன்னோட காச வாங்கிக்காட்டி எரிச்சலா இருக்குன்னு 40 சதவீத பொண்ணுங்க, குடுக்கணும்னு அவன் எதிர்பாத்தா எரிச்சலா இருக்குன்னு 44 சதவீத பொண்ணுங்க. ஆம்பளைங்கள்ல முக்கால்வாசி பேருக்கு பொண்ணுகிட்ட காசு வாங்கறது குத்த உணர்ச்சியா இருக்காம், ஆனா மொத்த ஆம்பளைங்கள்ல 64 சதவீதம் பேரு பொண்ணும் செலவுல பங்கு போடணும்னும் சொல்றாங்க. அது அமெரிக்கா, நம்ம ஊரு கணக்கு வேற மாதிரி இருக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் வாயில ஒண்ணு மனசுல ஒண்ணுன்னு இருக்கறது இங்க இல்லாததா என்ன? சொந்தக்காரங்க கூட ஹோட்டலுக்கு போனா கவுண்டர்ல ஒரு மல்யுத்தமே நடக்குமே, சித்தப்பா சட்டப்பையில பெரியப்பா காச திணிச்சுட்டு ஓடுவாரு. நாமெல்லாம் அத பாத்து வளந்தவங்க.

அதனால மணி, கேள்வியா கேட்டா அது சம்பிரதாயமா இருக்கலாம். "ஸ்ப்ளிட் பண்ணலாமா?"ங்கறதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. "சாப்பாடு உன்னோடது, இந்த ஐஸ்க்ரீம் என்னோடது"ன்னு சொல்லி கவுண்டர்கிட்ட போயிட்டாங்கன்னா அதுல அர்த்தம் ஒண்ணுதான்.

மீனாக்ஷிபுரம்_மணி:
அப்ப கேள்வி கேட்டா நான் என்ன பண்றது? அதுக்கு பதில் சொல்லலையே.

கேப்டன்_கோவிந்தாபுரம்:
ஒரு தடவ "எனக்கு ரெண்டும் ஓகே, உங்களுக்கு எது நிம்மதி?"ன்னு திருப்பி கேளுங்க. ரெண்டாவது தடவையும் பாதின்னு சொன்னா நெஜம், வாங்கிக்கங்க. அதுக்கப்புறம் ஃப்ரெண்டுகிட்ட அவங்க என்ன சொன்னாலும் அது அவங்க பாடு.

கேட்டு_வெச்ச_சேதி:
எல்லாரும் கவனமா இருங்க. ஆப்ல பழகி ஒரு பப்புக்கு வரச்சொல்லி மெனுவுல இல்லாத ரேட்டுக்கு பத்தாயிரக்கணக்குல பில்லு போட்டு பையன கட்ட வெக்கற கேங்கு 2024-ல டெல்லி, மும்பை, ஹைதராபாத்ல போலீஸ்ல மாட்டுச்சு. எடத்த அவங்களே புடிவாதமா சொன்னா, மெனு கார்டு குடுக்காம ஆர்டர் எடுத்தா எந்திரிச்சு வந்துடுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
@கேட்டு_வெச்ச_சேதி என் கேஸு அது இல்லைங்க, ஆனா தெரிஞ்சுக்க வேண்டியதுதான்.

எல்லாத்தையும் படிச்சேன். மீனாட்சி அக்கா சொன்னது கேட்டு வயிறு கலங்குச்சு. ரெண்டு தடவைக்கும் சேத்து 2,699, பாதின்னா 1,350 வருது. அத இப்பவே அவருக்கு அனுப்பிட்டா கணக்கு தீந்துடும்ல? அப்புறம் யாரும் எதுவும் சொல்ல முடியாதே.

பொள்ளாச்சி_மீனாட்சி:
விட்டுடப் போறீங்கன்னா அனுப்புங்க, நானும் அந்த எக்செல்ல இருந்த தொகைய அனுப்பிட்டுதான் ப்ளாக் பண்ணேன். தொடரணும்னு நெனச்சா அனுப்பாதீங்க. திடீர்னு 1,350 போயி விழுந்தா "உன்னோட எனக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல"ன்னு சொன்ன மாதிரிதான் எடுத்துக்குவாரு. அதுவுமில்லாம அவரா ஆசப்பட்டு குடுத்தது மொத பில்லு, அதுக்கு நீங்க கடன்காரி இல்ல. ரெண்டாவது கூட நீங்க தர்றேன்னு சொல்லி அவருதான் விடல. நீங்க கடன்பட்ட மாதிரி நடந்துக்கிட்டா அவரு சொன்ன கணக்க நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

செங்கோட்டை_அல்ல_செம்மணாம்பதி:
அக்கா சொன்னது சரி. இதுல ரெண்டு விஷயம் கலந்து கெடக்கு, தனித்தனியா பேசுங்க. நேரம் தனி, செலவு தனி. 4 மணிக்கு கெளம்பறது கெளம்பறதுதான், அதுக்கு காரணம் கூட சொல்ல வேண்டாம். செலவுக்கு "பாதி பாதி"ன்னு கொள்கை அறிவிப்பு மாதிரி சொல்லாம எது யாரோடதுன்னு சொல்லிடுங்க. மலம்புழா அதுக்கு தோதான எடம். கேட்டுல டிக்கெட்டு, ரோப் கார் டிக்கெட்டு எல்லாம் கவுண்டர்ல முன்னாடி நிக்கறவங்க வாங்கறது, ஃபோல்டரு கெடயாது, வெய்ட்டரு கெடயாது. அத நீங்க எடுத்துக்கங்க. மத்தியானச் சாப்பாடு அவரு. இல்ல சாப்பாடு நீங்க, டிக்கெட்டு அவரு. தொகை கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ரெண்டு பேரு கையும் பைக்குள்ள போச்சுங்கறது இருக்கும், கால்குலேட்டர் எடுக்க வேண்டியதில்ல.

மெசேஜு இப்படி அனுப்பலாம்: "சனிக்கெழம 4 மணிக்கு கெளம்பிடுவேன், அதுவரைக்கும் ஃப்ரீ. ரெண்டு தடவ நீங்க வாங்கித்தந்தது சந்தோஷம், அதுக்கு பதிலா எதுவும் வேண்டாம்ல? இந்த தடவ சாப்பாடு என்னோடது, நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

கொழிஞ்சாம்பாறைக்காரி:
"பதிலா எதுவும் வேண்டாம்ல" கொஞ்சம் சண்டைக்கு போற மாதிரி இருக்கே?

பொள்ளாச்சி_மீனாட்சி:
இருக்கட்டும் தங்கச்சி. அதுக்கு அவரு எப்படி பதில் சொல்றாருங்கறதுதான் உங்களுக்கு வேண்டிய சேதி. "அய்யோ அப்படி சொல்லல"ன்னு பதறினா உக்கடம்_பஸ் சொன்னது சரி. "அப்ப எதுக்கு வந்த"ன்னு திருப்பினா நான் சொன்னது சரி.

வேலந்தாவளம்_மாமா:
பையன் என்ன வேலைன்னு யாரும் கேக்கலையே?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மாமா, ஒரு பிரைவேட் பேங்க்ல. சம்பளம் என்ன மாதிரிதான் இருக்கும்னு நெனக்கறேன், நான் கேக்கல.

நைட்டு அனுப்பிட்டேன். கொஞ்சம் மாத்தி: "4 மணிக்கு கண்டிப்பா கெளம்பணும். ரெண்டு தடவ நீங்க வாங்கித்தந்ததுக்கு நேரத்த திருப்பி குடுக்கணும்னு நெனச்சு சொன்னீங்களா, இல்ல சும்மாவா? எனக்கு புரியல, அதான் கேட்டேன். சாப்பாடு இந்த தடவ என்னோடது." அர மணி நேரம் ப்ளூ டிக்கு மட்டும் இருந்துச்சு. அப்புறம் ஒரு வாய்ஸ் நோட்டு, "எடி அப்படி தோணும்னு நெனக்கல, சாரி, சும்மா சொன்னதாக்கும்"னு. குரல் நெஜமாவே பதறின மாதிரிதான் இருந்துச்சு. கடைசில "ஆனா மலம்புழா வரைக்கும் வந்துட்டு 4 மணிக்கே போறது கஷ்டம்தான்"னு ஒரு முணுமுணுப்பு.

உக்கடம்_பஸ்:
பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!

பொள்ளாச்சி_மீனாட்சி:
கடைசி முணுமுணுப்ப கேட்டீங்களா தம்பி? சனிக்கெழம 4 மணிக்கு என்ன நடக்குதுன்னு பாத்துட்டு சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
போயிட்டு வந்தேன். கேட்டு டிக்கெட்டும் ரோப் காரும் அவரு, சாப்பாடு நான். கேப்டன் அண்ணா சொன்னபடி ஆர்டர் எடுக்க வந்தப்பவே "பில்லு எங்கிட்ட குடுங்க சேட்டா"ன்னு சொல்லிட்டேன், அந்த சேட்டன் சிரிச்சுட்டே தலையாட்டினாரு, இவரும் ஒண்ணும் சொல்லல. 710 ரூபா. ஸ்கேன் பண்ணினவுடனே அந்த சவுண்ட் பாக்ஸு எழுநூத்தி பத்து ரூபா வந்துச்சுன்னு மலையாளத்துல கடை பூரா கேக்கற மாதிரி கத்துச்சு, அவரு தலைய குனிஞ்சுட்டாரு, நான் சிரிச்சுட்டேன், அப்புறம் அவரும். 4 மணிக்கு மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவரே கொண்டுவந்து விட்டாரு. மறுபடியும் பாப்பேன்னுதான் நெனக்கறேன். முழு முடிவு இன்னும் எடுக்கல.

இன்னொரு கேள்வி வந்துருக்கு. அவரு கோயம்புத்தூர் வந்தா பைக்ல வர்றாரு, நான் பஸ்ல போறேன். அவரு பெட்ரோல்ல நான் பங்கு போடணுமா?

டைடல்பார்க்_தம்பி:
போக வர 100 கிலோமீட்டரு, பைக்கு 45 குடுக்கும்னா ரெண்டேகால் லிட்டரு, கிட்டத்தட்ட 230 ரூபா. பைக்குக்கு பாம்பாம்பள்ளம் டோலும் கெடயாது. இங்க பெட்ரோல் கேரளாவ விட கம்மி, அதனால டேங்க கோயம்புத்தூர்ல ஃபில் பண்ணச் சொல்லுங்க.

செங்கோட்டை_அல்ல_செம்மணாம்பதி:
பங்கு போட வேண்டாம், மாறி மாறி போங்க. ஒரு தடவ அவரு இந்தப் பக்கம், ஒரு தடவ நீங்க அந்தப் பக்கம். எப்பவும் ஒருத்தரே அலஞ்சா மட்டும் வந்து சேர்ற எடத்து செலவ மத்தவங்க கொஞ்சம் கூடுதலா பாத்துக்கலாம்.

மீனாக்ஷிபுரம்_மணி:
நான் இத ஒத்துக்க மாட்டேன். 230 ரூபா மட்டுமா? போக வர மூணு மணி நேரம், வாளையாறுல ட்ராஃபிக்கு, மழைன்னா முழுசா நனையணும். பஸ்ல ஏசில உக்காந்து வர்றவங்களுக்கும் எனக்கும் எப்படி சமம் ஆகும்?

பொள்ளாச்சி_மீனாட்சி:
எந்த பஸ்ஸுல தம்பி ஏசி? உக்கடத்துலேர்ந்து நின்னுட்டே வந்து பாருங்க.